பாட்டில் ஏன் காலியாகவில்லை: ஒரு முதியவரின் தோல் அரிப்பு

பின்னணி

அவருக்கு வயது 79. கோவையில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு, நகரத்துக்கு வெளியே இருக்கும் மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். மார்கழி நடுவில் மகள்தான் அவரை எங்கள் தோல் சிகிச்சை மையத்துக்கு அழைத்து வந்தார். தீபாவளி முடிந்ததிலிருந்தே உடம்பெல்லாம் அரிப்பு. படுத்த ஒரு மணி நேரத்தில் ஆரம்பிக்கும், நடு இரவில் எழுந்து உட்கார்ந்து சொறிவார். அவர் தூங்காததால் மகளும் தூங்குவதில்லை.

இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், சர்க்கரைக்கு வில்டாகிளிப்டின், மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். புராஸ்டேட் வீக்கம் உண்டு, சிறுநீர் போக நேரமாகும். அரிப்புக்கு என்று மருந்துக்கடையில் வாங்கிய குளோர்பெனிரமின் மாத்திரை ஒன்றை இரவில் போட்டுக்கொண்டிருந்தார்.

மகள் ஒரு துணிப்பையோடு வந்திருந்தார். உள்ளே காலமைன் லோஷன், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த ஒரு டியூப், பச்சை மூடி போட்ட 100 மி.லி. குழந்தை லோஷன். அரைத்த வேப்பிலையும் மஞ்சளும் ஒரு வாரம் பூசியதாகச் சொன்னார். லோஷன் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வாங்கி ஐந்து வாரம் ஆகிறது, தினமும் தடவுவதாகச் சொல்கிறார்கள், ஆனால் முக்கால் பாட்டில் அப்படியே இருந்தது. நோயின் பாதி விளக்கம் அதிலேயே இருந்தது.

முதல் நாள் பார்த்தது

கெண்டைக்காலின் முன்பக்கத் தோல், வற்றிய குளத்துச் சேறு போல வெடித்திருந்தது. வெடிப்புகளின் ஓரம் சிவந்து, இரண்டு இடத்தில் நீர் கசிந்து காய்ந்திருந்தது. தொடை, கை, இடுப்பு எல்லாம் சொரசொரப்பு. நகத்தால் லேசாகக் கீறினால் வெள்ளைக் கோடு விழுந்து அப்படியே நின்றது. கட்டம் போட்ட கறுப்புப் போர்வையில் மாவு கொட்டியது போலச் செதில் உதிர்கிறது என்று மகள் சொன்னதை நம்புவதில் சிரமம் இல்லை.

முதுகைத் திருப்பிப் பார்த்தபோது உபயோகமான ஒரு விஷயம் கிடைத்தது. தோள், விலா, இடுப்பு முழுக்க நகக் கீறலும் சிறு காய்ந்த புண்ணும். இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் மட்டும் ஒரு கீறலும் இல்லை. அவருடைய கை எட்டாத இடம் அது. அங்கேயும் தோல் வறண்டுதான் இருந்தது, ஆனால் தடிப்போ புண்ணோ இல்லை. அப்படியானால் மற்ற இடங்களில் தெரிந்த புள்ளிகள் தோல் நோயால் வந்தவை அல்ல, சொறிந்து வந்தவை.

அடுத்து சிரங்குப் பூச்சியைத் தேடினோம். இரவில் கூடும் அரிப்பு என்றாலே அதைப் பார்க்காமல் விடக் கூடாது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, இடுப்புத் துணி கட்டும் இடம், பிறப்புறுப்பு எல்லாம் பார்த்தாயிற்று. பூச்சி துளைத்த கோடுகளோ முடிச்சுகளோ இல்லை. வீட்டில் மகள், மருமகன், பேரன் யாருக்கும் அரிப்பு இல்லை.

வயதானவருக்கு உடம்பெல்லாம் அரிப்பு என்றால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரத்தச் சோகை, சில சமயம் இரத்தப் புற்றுநோய்கூடக் காரணமாக இருக்கலாம். அதனால் அதற்குரிய இரத்தப் பரிசோதனைகளைச் செய்தோம். கிரியாட்டினின் வயதுக்கு ஏற்றபடி லேசாக உயர்ந்திருந்தது. இந்த அரிப்பை அது விளக்காது. மற்றவை சரியாக இருந்தன.

ஒரு சந்தேகத்தை மட்டும் திறந்தே வைத்தோம். வில்டாகிளிப்டின் போன்ற கிளிப்டின் மாத்திரைகள் சாப்பிடும் முதியவர்களில் சிலருக்கு, இறுக்கமான பெரிய நீர்க்கொப்புளங்கள் வரும் ஒரு தோல் நோய் உண்டாகும். கொப்புளம் வருவதற்கு வாரக்கணக்கில் முன்பே வெறும் அரிப்பாக அது தொடங்கலாம். இவருக்குக் கொப்புளமோ தடித்த சிவப்புத் திட்டுகளோ இல்லாததால் மாத்திரையை நிறுத்தவில்லை. ஒரு கொப்புளம் தெரிந்தாலும் அன்றே வரச் சொன்னோம்.

குளியலறைக் கணக்கு

பிறகு குளியலைப் பற்றிக் கேட்டேன். இதற்கு ஒதுக்கிய பத்து நிமிடம் வேறு எந்தக் கேள்வியையும்விட அதிகம் பயன் தந்தது.

விடியற்காலை நாலரைக்கு ஒரு குளியல், பெருமாள் கோயிலுக்குப் போக. மாலை விளக்கு வைக்கும் முன் இன்னொன்று. இரண்டும் கீசர் தண்ணீரில், அவர் சொன்னபடி "கை வெக்க முடியாத சூட்டுல". அரிக்கும் இடத்தில் சுடுதண்ணீர் பட்டால் சுகமாக இருக்கிறதாம். அது உண்மைதான், அந்த நேரத்துக்கு அரிப்பு அடங்கும், அரை மணியில் இரண்டு மடங்காகத் திரும்பும். சோப்பு, சிவப்பு நிற மருந்து சோப்பு. அரிப்பு வந்த பிறகு, கிருமி இருக்குமோ என்று வாளித் தண்ணீரில் ஒரு மூடி கிருமிநாசினியும் சேர்த்திருக்கிறார்கள். பீர்க்கங்காய் நாரால் தலை முதல் கால் வரை தேய்ப்பார். தண்ணீர் போர்வெல் உப்புத் தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் குடிக்க மட்டும். குளித்து முடித்து, துவட்டி, கோயிலுக்குப் போய் வந்து, டிபன் சாப்பிட்ட பிறகு, காலில் கொஞ்சம் லோஷன்.

இதில் ஒவ்வொன்றும் தோலில் எதைச் செய்கிறது என்று மகளுக்கு விளக்கினேன். வயதானால் தோலில் எண்ணெய்ச் சுரப்பு குறைகிறது. மேல்தோலின் செல்களுக்கு நடுவே சாந்து போல இருக்கும் கொழுப்பும் குறைகிறது. போனது மறுபடி சேர இளம் வயதைவிட அதிக நேரம் ஆகும். நல்ல தோல் லேசான அமிலத் தன்மை கொண்டது, அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவில் சுமார் 5. சாதாரண சோப்பு 9, 10 என்ற காரத் தன்மை கொண்டது. சூடான தண்ணீரும் சோப்பும் சேர்ந்து அந்தக் கொழுப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு போகின்றன. நார் மிச்சத்தைச் சுரண்டுகிறது. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து ஒட்டும் படிவாகித் தோலிலேயே தங்குகிறது. ஒரு நாளில் இரண்டு முறை இப்படி நடந்தால், மார்கழிக் காற்றுக்கு முன்னால் தோல் தாக்குப் பிடிக்காது.

பையில் இருந்தவற்றில் காலமைன் லோஷனும் வேப்பிலை மஞ்சள் பற்றும் காயும்போது தோலைச் சேர்த்தே காயவைக்கும். கசியும் புண்ணுக்குக் காலமைன் உதவலாம், வறண்ட தோலுக்கு இரண்டுமே எதிரி. ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த டியூபுக்கு வெறும் வறட்சியில் வேலையே இல்லை, அதையும் நிறுத்தச் சொன்னோம்.

எடுத்த முடிவுகள்

மாத்திரையில் முதலில் கை வைத்தோம். குளோர்பெனிரமின் போன்ற பழைய அலர்ஜி மாத்திரைகள் வறட்சியால் வரும் அரிப்பைப் பெரிதாகக் குறைப்பதில்லை. தூக்கக் கலக்கத்தை மட்டும் தரும். வயதானவர்களுக்குக் குழப்பம், தடுமாற்றம் வரலாம்; புராஸ்டேட் வீக்கம் இருந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். விசாரித்தால், அந்த மாத்திரை தொடங்கிய பிறகுதான் இரவில் பாத்ரூம் போகும்போது சுவரைப் பிடித்து நடக்கிறார். அதை நிறுத்தினோம்.

கெண்டைக்காலில் சிவந்து வெடித்த இடத்துக்கு மட்டும் மிதமான ஸ்டீராய்டு களிம்பு, நாளுக்கு ஒரு முறை, இரண்டு வாரம். ஆள்காட்டி விரலின் நுனி முதல் முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு, விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும்.

மிச்சமெல்லாம் குளியலும் லோஷனும்தான். மாலைக் குளியலை நிறுத்தச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "குளிக்காம விளக்குப் பத்த வெக்க மாட்டனுங்க டாக்டர். அம்பது வருசப் பழக்கமுங்க." இதில் வாதம் செய்து ஜெயிக்க முடியாது, ஜெயிக்கவும் வேண்டியதில்லை. முகம், கை, கால் கழுவி, ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்து, வேட்டி மாற்றி விளக்கு வைக்கலாமா என்று கேட்டேன். உடம்பு சரியில்லாதவர்களுக்கு அவருடைய அம்மா அப்படித்தான் செய்வாராம். யோசித்துவிட்டு, சரி என்றார்.

இன்னொரு சங்கடத்தை மகள் தனியாகச் சொன்னார். அப்பாவுக்கு மகள் கையால் உடம்பில் லோஷன் பூசிக்கொள்ளக் கூச்சம். அதனால்தான் கால் மட்டும் பூசப்பட்டது. முதுகுக்குப் பேரன் என்று முடிவானது. கல்லூரிக்குப் போகும் பையன். காலையில் ஆறு மணிக்கு முன்னால் எழுந்திருப்பான் என்று யாரும் உறுதி தரவில்லை. ஆகவே கோயிலுக்குப் போவதை ஆறரைக்குத் தள்ளிவைத்தார் தாத்தா.

மகளுக்கு எழுதிக் கொடுத்த குறிப்பு

வாயால் சொன்னால் பாதி வீட்டுக்குப் போய்ச் சேராது என்பதால் எழுதிக் கொடுத்தோம். வேறு வீடுகளுக்கும் பயன்படும் என்று அதை அப்படியே தருகிறேன்.

"அம்மா, அப்பாவுக்கு நாளுக்கு ஒரு குளியல் போதும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊற்றினால் சூடு என்று தோன்றக் கூடாது. பத்து நிமிடத்துக்குள் முடியட்டும். நார், கல், சொரசொரப்பான துணி எதுவும் வேண்டாம், கை போதும். வாளியில் கிருமிநாசினி ஊற்ற வேண்டாம்.

சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பின்புறம், பாதம் இந்த இடங்களுக்கு மட்டும். கை, கால், முதுகு, வயிறு வெறும் தண்ணீரிலேயே சுத்தமாகும். வயலில் வேலை செய்துவிட்டு வருபவர் இல்லையே. சோப்பு வாங்கும்போது உறையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் பாருங்கள். முதல் பெயராக சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட் என்று இருந்தால் அது சாதாரண சோப்பு. குழந்தைப் படம் போட்டிருந்தாலும் சரி, மருந்து சோப்பு என்று எழுதியிருந்தாலும் சரி. சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் என்று முதலில் இருந்தால் அதுதான் நமக்கு வேண்டியது. உப்புத் தண்ணீரிலும் அது படிவு விடாது. சோப்பில் மொத்தக் கொழுப்பு எவ்வளவு என்று காட்டும் டி.எஃப்.எம். எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். 76 சதவீதம் இருந்தால் முதல் தரச் சோப்பு என்று அர்த்தம், வறண்ட தோலுக்கு மென்மையானது என்று அர்த்தம் இல்லை. வாசனை இல்லாததாக வாங்குங்கள்.

துவட்டும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். உடம்பில் லேசான ஈரம் இருக்கும்போதே, குளித்து வந்த மூன்று நிமிடத்துக்குள், லோஷன் பூச வேண்டும். ஈரம் காய்ந்த பிறகு பூசினால் பலன் குறையலாம். லோஷன் வேலை செய்வது அந்த ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதால்தான். பாட்டிலைக் குளியலறைக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

அளவு இதுதான்: இருமல் மருந்தோடு வரும் 10 மி.லி. மூடி உங்கள் வீட்டில் இருக்கும். காலையில் உடம்பு முழுக்க இரண்டரை மூடி. இரவு படுக்கும் முன் கை கால்களுக்கு ஒன்றரை மூடி. அதிகமாகத் தெரியும், ஆனால் அதுதான் அளவு. 400 மி.லி. பாட்டில் பத்து நாளில் காலியாக வேண்டும். காலியாகவில்லை என்றால் பூசுவது போதவில்லை. முடி வளரும் திசையிலேயே, மேலிருந்து கீழாகத் தடவுங்கள். அழுத்தித் தேய்த்தால் மயிர்க்கால்களில் சிறு பருக்கள் வரலாம்.

தேங்காய் எண்ணெய் அப்பாவுக்குப் பிடிக்கும் என்றால் இரவு லோஷனுக்கு மேல் மெல்லிசாகப் பூசலாம், நல்லதுதான். எண்ணெய் தேய்த்து ஊறி, பிறகு சீயக்காயோ சோப்போ போட்டு எடுத்துவிடும் குளியல் இப்போதைக்கு வேண்டாம். கடுகெண்ணெய் வேண்டாம்.

நாற்காலியில் உட்கார வைத்துப் பூசுங்கள். உள்ளங்காலில் பூசினால் பருத்திச் சாக்ஸ் போடாமல் எழுந்து நடக்கக் கூடாது. லோஷனும் பெட்ரோலியம் ஜெல்லியும் ஊறிய வேட்டி, துண்டு, போர்வை சீக்கிரம் தீப்பிடிக்கும். விளக்கு, கற்பூரம் ஏற்றும்போது புதிதாகத் துவைத்த வேட்டி கட்டட்டும், தோளில் துண்டு தொங்க வேண்டாம்.

நடு இரவில் அரித்தால், குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஐந்து பத்து நிமிடம் போட்டு, எடுத்தவுடன் லோஷன். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். கம்பளி நேராக உடம்பில் பட வேண்டாம், உள்ளே பருத்திப் போர்வை.

நீர்க்கொப்புளம், சீழ், காய்ச்சல், கண் மஞ்சள், எடை குறைதல், வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு, இவற்றில் எது வந்தாலும் தேதி வரும் வரை காத்திருக்க வேண்டாம்."

முதல் வாரம்

மூன்றாம் நாள் மகளிடமிருந்து தொலைபேசி. அப்பா லோஷனைத் தொடவே விடவில்லை, எரிகிறது என்கிறார். உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னேன். நாங்கள் எழுதியது கடையில் இல்லாததால், "இது இன்னும் நல்லது" என்று யூரியா 10 சதவீதம் உள்ள கிரீமைக் கொடுத்திருக்கிறார்கள். யூரியா நல்ல பொருள்தான், செதிலை இளக்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் வெடித்த தோலில் பட்டால் மிளகாய் பட்ட மாதிரி எரியும். லாக்டிக் அமிலம் உள்ள லோஷன்களும் அப்படியே.

கடைக்காரர் தவறான மருந்து தரவில்லை, தவறான நேரத்தில் தந்தார். முட்டிக்குக் கீழே சாதாரண வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் பூசச் சொன்னோம். அதில் தண்ணீரும் இல்லை, வாசனையும் இல்லை, எரிவதற்கு எதுவும் இல்லை. ஸ்டீராய்டு களிம்பைப் பூசி அரை மணி கழித்து ஜெல்லி. மற்ற இடங்களுக்கு நாங்கள் முதலில் எழுதிய, பாரஃபின் கலந்த வாசனையற்ற லோஷன் மறுநாள் கிடைத்தது. யூரியா கிரீமைத் தூக்கி எறிய வேண்டாம், வெடிப்பு மூடிய பிறகு பயன்படும் என்றோம்.

பெரியவருக்கு எரிச்சலைவிடப் பிசுபிசுப்பு பெரிய குறையாக இருந்தது. வேட்டி ஒட்டுகிறது, கோயிலில் தரையில் உட்கார்ந்தால் தூசி ஒட்டுகிறது. காலையில் லோஷன், ஜெல்லி இரவில் மட்டும் என்று மாற்றிக் கொடுத்தோம். மருத்துவ ரீதியில் இரண்டு வேளையும் ஜெல்லி பூசினால்தான் சீக்கிரம் ஆறும். ஆனால் அவர் பூசிக்கொள்ள மறுக்கும் மருந்தைவிட, பூசிக்கொள்ளும் மருந்து மேல்.

பின்னர் நடந்தது

இரண்டு வாரம் கழித்து வந்தபோது மகள் காலி பாட்டிலைக் கையோடு கொண்டுவந்து காட்டினார். கெண்டைக்கால் வெடிப்புகள் மூடி, இளஞ்சிவப்பாக இருந்தன. இரவில் ஒரு முறை எழுகிறார், அதுவும் சிறுநீருக்கு. அலர்ஜி மாத்திரையை நிறுத்திய நான்கைந்து நாளிலேயே சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார். ஸ்டீராய்டு களிம்பை நிறுத்தினோம்.

முதுகு மட்டும் பின்தங்கியிருந்தது. காரணம் பேரனின் பரீட்சை. ஒரு வழி சொன்னோம்: நீளக் கைப்பிடி வைத்த தட்டையான மரக்கரண்டியில் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, அதில் லோஷன் ஊற்றி அவரே முதுகில் தடவிக்கொள்ளலாம், துணியைத் தினமும் மாற்ற வேண்டும். அவர் அதைச் செய்தார். அதே கரண்டியால் சொறிந்தும் கொண்டார் என்று மகள் புகார் சொன்னார்.

ஆறாவது வாரத்தில் கீறல்கள் இல்லை. முன்காலில் யூரியா கிரீமை இரவில் தொடங்கினோம், எரியவில்லை. அரிப்பு முழுக்கப் போய்விடவில்லை. மாலையில் கொஞ்சம் இருக்கிறது, தூக்கத்தைக் கெடுப்பதில்லை. இந்த வயதில் அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம் என்று வெளிப்படையாகச் சொன்னோம். பூசுவதை நிறுத்தினால் இரண்டு வாரத்தில் பழைய நிலை திரும்பும், ஏனென்றால் நாம் தோலின் வயதைக் குறைக்கவில்லை. கொப்புளம் எதுவும் வரவில்லை, சர்க்கரை மாத்திரை மாறவில்லை. ஆனால் அவருடைய சர்க்கரை மருத்துவருக்கு கிளிப்டின் பற்றிய சந்தேகத்தைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்தோம்.

பங்குனியில் வெயில் ஏறியதும் லோஷன் வழிந்து வேர்வையோடு சேர்ந்து உறுத்தியது. காலையில் மட்டும், பாதி அளவு என்று குறைத்தோம். தொடை இடுக்கிலும் அக்குளிலும் கோடையில் பூச வேண்டாம். ஈரம் தேங்கிப் படர்தாமரை வர இடமாகும்.

மாற்றிக்கொண்டவை

இந்த நிகழ்வுக்குப் பிறகு எங்கள் வழக்கத்தில் சில மாற்றங்கள் வந்தன. அரிப்போடு வரும் முதியவர்களின் வீட்டாரிடம் மருந்துச் சீட்டை மட்டும் கேட்காமல், குளியலறையில் இருக்கும் சோப்பு, நார், ஷாம்பு, வாளியில் ஊற்றும் திரவம் எல்லாவற்றையும் செல்பேசியில் படம் எடுத்துக் கொண்டுவரச் சொல்கிறோம். வாயால் "சாதாரண சோப்புதான்" என்று சொல்வதும் படத்தில் தெரிவதும் பெரும்பாலும் வேறு வேறு.

சீட்டில் லோஷன் பெயரோடு, ஒரு வேளைக்கு எத்தனை மி.லி., பாட்டில் எத்தனை நாளில் தீர வேண்டும் என்று எழுதுகிறோம். அந்த லோஷன் கடையில் இல்லை என்றால் யூரியாவும் லாக்டிக் அமிலமும் வாசனையும் இல்லாத எதையும் வாங்கலாம், இல்லாவிட்டால் பெட்ரோலியம் ஜெல்லி என்று ஒரு வரி சேர்க்கிறோம். மூன்றாம் நாள் நாங்களே கூப்பிடுகிறோம். எரிச்சலோ பிசுபிசுப்போ காரணமாக நிறுத்துபவர்கள் பெரும்பாலும் அந்த வாரத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

யார் பூசப் போகிறார்கள் என்பதையும் முதல் நாளே கேட்கிறோம். மகன் வெளியூரில், மருமகள் மட்டும் வீட்டில் என்றால் மாமனாரின் முதுகும் தொடையும் பூசப்படாது.

அந்தப் பெரியவருக்கு அடுத்த குளிர்காலத்துக்கான ஏற்பாடு இது: ஐப்பசி பிறந்ததும், அரிப்பு வருமுன்பே, காலை இரண்டரை மூடியும் இரவு ஒன்றரை மூடியும் மறுபடி தொடங்க வேண்டும். கீசரின் வெப்பநிலைத் திருகை மருமகன் குறைத்து வைத்திருக்கிறார். அதைத் தாத்தா திரும்ப ஏற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பேரனுக்கு.